கருவுற்ற பெண்ணின் உயரம் குறைகிறதா?

கெடா மாநிலத்தின் தென்கோடியில் உள்ள பண்டார் பாரு மாவட்டத்தில், செர்டாங், லூபோக் புந்தார் போன்ற சிற்றூர்களிலும் அவற்றைச் சூழ்ந்த பால்மரத் தோட்டங்களிலும் செம்பனைத் தோட்டங்களிலும் வாழும் பெண்கள், கருவுற்றதும் அரசாங்கக் கிளினிக்குக்குச் சென்று பெயரைப் பதிந்துகொள்கிறார்கள். அப்போது மிஸ்ஸி அவர்களது கையில் கொடுக்கும் பிங்க் புத்தகத்தில் எடை, இரத்த அழுத்தம், இரத்தத்தின் இரும்புச் சத்து ஆகியவற்றுக்கான கட்டங்கள் ஒவ்வொரு வருகையிலும் நிரப்பப்பட வேண்டியவை. உயரத்துக்கான கட்டமோ பெரும்பாலும் ஒரே ஒரு முறை, முதல் வருகையில் மட்டுமே நிரப்பப்படுகிறது. வளர்ந்த ஒருவரின் உயரம் மாறாது என்னும் எண்ணமே இதற்கு அடிப்படை. ஆயினும் இரண்டாம் பிள்ளைக்காக மறுபடி அளக்கப்படும்போது அதே பெண்ணின் உயரம் ஒரு சென்டிமீட்டரோ அதற்குச் சற்று மேலோ குறைந்து காணப்படுவது உண்டு. பிள்ளை பெற்றதால் உடம்பு குறுகிவிட்டது என்று வீட்டுப் பெரியவர்கள் அதற்குப் பொருள் சொல்வார்கள். அளந்தவர் கவனமாக அளக்கவில்லை என்று வேறு சிலர் சொல்வார்கள். இரண்டு விளக்கங்களிலும் ஓரளவு உண்மை உண்டு என்பதையும், இரண்டுமே போதாதவை என்பதையும் உடலின் கட்டமைப்பைப் பார்த்தால் உணரலாம்.

இந்த அளவு வெறும் பதிவுக்காக எடுக்கப்படுவதன்று. 145 சென்டிமீட்டருக்குக் குறைவான உயரமுள்ள தாய்மார்களைச் சற்றுக் கூடுதலாகக் கவனிக்க வேண்டியவர்கள் என்று கர்ப்பகாலச் சோதனைகளில் குறித்துக்கொள்வது வழக்கம். குட்டையான பெண்களில் இடுப்பெலும்புக் கூடு குறுகலாக இருக்கும் வாய்ப்பு அதிகம் என்பதும், குழந்தையின் தலைக்கும் அந்த வழிக்கும் பொருத்தமில்லாமல் போனால் பிரசவம் தடைப்படும் என்பதும் அதற்குக் காரணங்கள். எனவே 145 என்ற கோட்டின் அருகில் நிற்கும் ஒரு பெண்ணுக்கு, ஒரு சென்டிமீட்டர் எங்கே போனது என்ற கேள்வி பொருளற்றதாகாது.

முதலில் அளவீட்டையே எடுத்துக்கொள்ள வேண்டும். உயரத்தைச் சரியாக அளப்பதற்குக் காலணியைக் கழற்றி, குதிகால்கள், பிட்டம், மேல்முதுகு ஆகிய மூன்றும் அளவுகோலின் நிமிர்ந்த பலகையைத் தொடும்படி நின்று, கண்ணின் கீழ்விளிம்பும் காதுத் துளையின் மேல்விளிம்பும் ஒரே மட்டத்தில் இருக்குமாறு தலையை வைத்து, மூச்சை உள்ளிழுத்து நிமிர்ந்த நிலையில், தலைக்கட்டையை முடி அழுந்தும்வரை இறக்க வேண்டும். கொண்டையோ உயர்த்திக் கட்டிய பின்னலோ இருந்தால் அதை அவிழ்த்தாக வேண்டும். இவ்வளவும் முறையாகச் செய்தாலும் ஒரே பெண்ணை இருவர் அடுத்தடுத்து அளக்கும்போது அரை சென்டிமீட்டர் வரை வேறுபாடு வருவது இயல்பு. கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் இந்தச் சிக்கல் இன்னும் கூடுகிறது. வயிற்றின் பாரத்தைச் சமன்செய்வதற்காக மேலுடம்பைப் பின்னுக்குச் சாய்த்து நிற்கும் ஒரு பெண்ணைப் பலகையோடு ஒட்டி நிற்கச் சொன்னால், அவள் இயல்பாக நிற்கும் நிலையும் அளக்கப்படும் நிலையும் வேறாகிவிடுகின்றன.

இரண்டாவதாக, எவருடைய உயரமும் காலையில் இருப்பதுபோல் மாலையில் இருப்பதில்லை. முதுகெலும்பு ஒற்றை எலும்பன்று. முள்ளெலும்புகள் எனப்படும் சிறு எலும்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டு, அவற்றின் இடையே வட்டுகள் எனப்படும் மெத்தைகள் பொருத்தப்பட்ட ஓர் அடுக்கு அது. முதுகெலும்பின் மொத்த நீளத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு இந்த வட்டுகளால் ஆனது. வட்டின் நடுவில் நீரைப் பிடித்துவைத்திருக்கும் கூழ் போன்ற பொருளும் அதைச் சுற்றி உறுதியான நார் வளையங்களும் உள்ளன. நிற்கும்போதும் நடக்கும்போதும் உடலின் பாரம் அழுத்துவதால் அந்த நீர் மெல்ல வெளியேறுகிறது, படுத்திருக்கும்போது பாரம் நீங்குவதால் நீர் மீண்டும் உள்ளே ஊறுகிறது. புடாபெஸ்ட் நகரில் டி புக்கி என்ற மருத்துவர் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரை அளந்து 1935ஆம் ஆண்டு வெளியிட்ட முடிவின்படி, ஒரு நாளில் உயரம் சராசரியாக ஒன்றரை சென்டிமீட்டர், அதாவது ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கு குறைகிறது. அந்தக் குறைவு நாள் முழுவதும் ஒரே சீராக நிகழ்வதில்லை என்பதையும், பாதிக்கு மேற்பட்ட பகுதி படுக்கையிலிருந்து எழுந்த முதல் ஒரு மணி நேரத்திலேயே கழிந்துவிடுகிறது என்பதையும் பின்வந்த ஆய்வுகள் காட்டின. விடியுமுன் எழுந்து பால்மரம் சீவப் போகும் பெண் காலை எட்டு மணிக்குக் கிளினிக்கில் நிற்கும்போது, அன்றைய குறைவில் பெரும்பகுதியை ஏற்கெனவே இழந்துவிட்டிருப்பாள்.

கர்ப்பம் இந்த அன்றாட ஏற்ற இறக்கத்தின்மேல் தன் சுமையை ஏற்றுகிறது. குழந்தை, நஞ்சுக்கொடி, பனிக்குட நீர், பெருகிய இரத்தம், கொழுப்பு ஆகியவை சேர்ந்து பத்துப் பன்னிரண்டு கிலோ கூடும்போது, அதன் பெரும்பகுதி உடலின் முன்பக்கத்தில் இருப்பதால் கீழ்முதுகின் வட்டுகள்மீது விழும் அழுத்தம், எடை கூடிய அளவைவிட அதிகமாகவே உயர்கிறது. முன்னே இழுக்கும் பாரத்தைச் சமன்செய்ய முதுகுத் தசைகள் பின்னிருந்து இறுக்கிப் பிடிக்க வேண்டியிருப்பதும், அந்த இறுக்கமும் வட்டின்மேலேயே அழுத்தமாக வந்து சேர்வதும் அதற்குக் காரணம். கர்ப்பிணிகளின் உயரத்தை மில்லிமீட்டரின் சிறு பகுதிவரை காட்டக்கூடிய நுண்கருவியால் பிரிட்டனில் அளந்த ரொடாக்கியும் உடனாய்வாளர்களும் 2003இல் வெளியிட்ட ஆய்வு இங்கே கவனிக்கத்தக்கது. உடலுழைப்பால் குறைந்த உயரம் ஓய்வின்போது எவ்வளவு மீள்கிறது என்பதை அவர்கள் பார்த்தார்கள். முதுகுவலி உள்ள கர்ப்பிணிகளில் அந்த மீட்சி மற்றவர்களைவிடக் குறைவாக இருந்தது. அதாவது கர்ப்பிணியின் வட்டுகள் எவ்வளவு அமுங்குகின்றன என்பதோடு, அமுங்கியவை எழுவதற்கு எவ்வளவு தாமதிக்கின்றன என்பதும் சேர்ந்தே அவளது உயரத்தைத் தீர்மானிக்கிறது. இரவுத் தூக்கம் கலைந்து, படுப்பதே கடினமாகும் கடைசி மாதங்களில் இந்த மீட்சி குறைந்துபோவதில் வியப்பில்லை.

மூன்றாவது காரணம் வளைவு. மனித முதுகெலும்பின் கீழ்ப்பகுதி முன்னோக்கி வளைந்திருக்கிறது. வயிறு பெருக்கும்போது உடலின் எடைமையம் முன்னே நகர்வதால், விழாமல் நிற்பதற்காகப் பெண்கள் அந்த வளைவைக் கூட்டிக்கொள்கிறார்கள். விட்கோம், ஷாப்பிரோ, லீபர்மன் ஆகிய மூவர் 2007இல் நேச்சர் இதழில் வெளியிட்ட ஆய்வு, நிறைமாதத்தில் இந்த வளைவு ஏறத்தாழ 32 பாகையிலிருந்து 50 பாகை வரை உயரக்கூடும் என்றும், ஆண்களில் இரண்டு முள்ளெலும்புகளில் அடங்கும் வளைவு பெண்களில் மூன்றில் பரவியிருப்பதால் சுமை ஓரிடத்தில் குவியாமல் பங்கிடப்படுகிறது என்றும் கூறியது. இரண்டு காலால் நடக்கும் உயிரினம் கருவைச் சுமப்பதற்காகப் பரிணாமம் செய்துவைத்த ஏற்பாடு இது என்பது அவர்கள் முடிவு. பெண்ணுடலைப் பற்றி எழுதப்பட்டவற்றில் மிக அழகிய முடிவுகளில் ஒன்று என்று அதைச் சொல்வது மிகையாகாது.

வளைந்த மூங்கில் கழியின் இரு முனைகளுக்கு இடையிலான நேர்த்தூரம் அதன் நீளத்தைவிடக் குறைவாக இருப்பதுபோல், முதுகு வளைய வளைய உயரம் குறைய வேண்டும். எவ்வளவு குறையும் என்பதை எளிதாகக் கணக்கிட்டுப் பார்க்கலாம். கீழ்முதுகின் நீளம் 18 சென்டிமீட்டர் என்றும், அது சீரான வட்டத்தின் ஒரு பகுதி என்றும் வைத்துக்கொண்டால், 32 பாகை வளைவில் அதன் நேர்த்தூரம் 17.77 சென்டிமீட்டர், 50 பாகை வளைவில் 17.43 சென்டிமீட்டர். வேறுபாடு ஒரு சென்டிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு மட்டுமே. உண்மையான முதுகெலும்பு சீரான வட்டமன்று என்பதால் இந்தக் கணக்கு தோராயமானதுதான். ஆனாலும் வளைவு எவ்வளவு கண்ணுக்குத் தெரிந்தாலும் அதனால் போகும் உயரம் சில மில்லிமீட்டர்களைத் தாண்டாது என்பதை அது தெளிவாக்குகிறது. எல்லாப் பெண்களிலும் வளைவு இவ்வளவு கூடுவதும் இல்லை; சிலரில் அது அநேகமாக மாறுவதே இல்லை.

பாதத்திலும் ஒரு சிறு இழப்பு நேர்கிறது. அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் சீகலும் உடனாய்வாளர்களும் 49 பெண்களைக் கர்ப்பத்தின் தொடக்கத்திலும் பிரசவத்துக்குச் சில மாதங்கள் கழித்தும் அளந்து 2013இல் வெளியிட்ட ஆய்வில், பாதத்தின் உள்வளைவு தாழ்ந்து, பலரின் பாதம் சில மில்லிமீட்டர் நீண்டிருந்தது. தசைநார்கள் தளர்வதும் எடை கூடுவதும் சேர்ந்து ஏற்படுத்தும் இந்த மாற்றம் பெரிதும் முதல் கர்ப்பத்தில் நிகழ்கிறது. மேலே கண்ட மற்ற மாற்றங்களைப் போலன்றி இது நிலைத்துவிடக் கூடியது. பிள்ளை பெற்றபின் பழைய செருப்பு சேரவில்லை என்று பெண்கள் சொல்வது வெறும் வீக்கத்தால் மட்டுமன்று. ஆயினும் உயரத்தில் இதன் பங்கு ஓரிரு மில்லிமீட்டருக்கு மேல் இருக்க வழியில்லை.

இவற்றைச் சேர்த்துப் பார்ப்பதற்கு ஒரு கற்பனைப் பதிவை எடுத்துக்கொள்ளலாம். தோட்டத்தில் வேலை செய்யும் ஒரு பெண், முதல் கர்ப்பத்தின் பத்தாம் வாரத்தில் காலை எட்டு மணிக்கு அளக்கப்பட்டு 145.8 சென்டிமீட்டர் என்று பதிவாகிறாள். இரண்டாம் கர்ப்பத்தில் வேறு ஊரிலிருந்து மாறி வந்ததால் முப்பத்திரண்டாம் வாரத்தில், பிற்பகல் இரண்டரை மணிக்கு, வேறொரு கிளினிக்கில் அளக்கப்படுகிறாள், பதிவு 144.4. வேறுபாடு 1.4 சென்டிமீட்டர், கவனத்துக்குரிய கோட்டின் மேற்புறத்திலிருந்து கீழ்ப்புறத்துக்கு அவள் வந்துவிட்டாள். ஐந்து மணிக்கே எழும் ஒருத்திக்கு எட்டு மணிக்கும் இரண்டரை மணிக்கும் இடையில் இன்னும் அரை சென்டிமீட்டர் போகலாம். வளைவாலும் கூடுதல் பாரத்தாலும் நான்கைந்து மில்லிமீட்டர் போகலாம். மிஞ்சுவது இரண்டு கருவிகளுக்கும் இரண்டு கைகளுக்கும் இடையே எப்போதும் இருக்கும் வேறுபாட்டின் எல்லைக்குள் அடங்கிவிடுகிறது. அவளது எலும்பு ஒரு மில்லிமீட்டர்கூடக் குறையாமலே இந்தப் பதிவு உருவாகியிருக்க முடியும். பிரசவத்துக்கு ஆறு வாரம் கழித்துக் காலையில் இரண்டு முறை அளந்து சராசரி எடுத்தால், பழைய எண்ணுக்கு அரை சென்டிமீட்டர் தொலைவுக்குள் அவள் திரும்பிவிட்டிருப்பதையே எதிர்பார்க்க வேண்டும்.

இடுப்பெலும்புக் கூடு இந்த மாற்றங்களில் எதிலும் பங்குகொள்வதில்லை. வட்டு அமுங்கியதாலோ முதுகு வளைந்ததாலோ 145க்குக் கீழே வந்த ஒரு பெண்ணின் பிரசவ வழி அதனால் குறுகிவிடாது. ஆகவே கர்ப்பத்தின் தொடக்கத்தில் எடுத்த அளவே நம்பத்தக்கது. உண்மையாகவே குட்டையான பெண்களிலும் பெரும்பாலோர் இயல்பாகவே பிள்ளை பெறுகிறார்கள் என்பதையும், கடைசி வாரங்களில் குழந்தையின் தலை இடுப்புக்குள் இறங்குகிறதா என்பது உயரத்தைவிட மேலான சான்று என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும்.

கர்ப்பத்தில் உயரம் குறைவதாகத் தோன்றும் இந்த இயல்பு ஒருமுறை ஆய்வாளர்களையே திசைதிருப்பியது. பதின்வயதுப் பெண்கள் கருவுற்றால் அவர்களுடைய வளர்ச்சி நின்றுவிடும் என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. அளந்து பார்த்தபோது உயரம் கூடவில்லை, சிலரில் குறைந்தும் இருந்தது என்பதே அந்த நம்பிக்கைக்கு ஆதாரம். அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்திலுள்ள கேம்டன் நகரில் தெரசா ஷோல், மேரி ஹெடிகர் ஆகியோர் 1980களின் பிற்பகுதியிலிருந்து நடத்திய ஆய்வு, முதுகெலும்பைத் தவிர்த்துவிட்டு முழங்காலிலிருந்து குதிகால் வரையிலான நீளத்தை மட்டும் நுண்கருவியால் அளந்தது. அந்தப் பகுதியில் வட்டுகளும் இல்லை, கர்ப்பம் கூட்டும் வளைவும் இல்லை. அப்படி அளந்தபோது, கருவுற்ற பதின்வயதினரில் ஏறத்தாழ பாதிப் பேர் இன்னும் வளர்ந்துகொண்டிருந்தது தெரியவந்தது. கால் வளர்வதை முதுகின் அமுக்கம் மறைத்திருந்தது. வளர்ந்துகொண்டிருந்த அந்தச் சிறுமிகள் எடை அதிகம் கூடியும், அவர்களின் குழந்தைகள் சராசரியாக 150 கிராமளவு எடை குறைந்து பிறந்தன. தாயின் உடலும் கருவும் ஒரே உணவுக்குப் போட்டியிடுகின்றன என்பதே அதன் பொருள். இது எல்லாச் சூழலுக்கும் பொருந்துவதில்லை. வங்காளதேசத்தின் கிராமப்புறச் சிறுமிகளை ஆராய்ந்து 2008இல் வெளியான ஆய்வில், கருவுறாதவர்கள் சிறிதளவு வளர்ந்த அதே காலத்தில் கருவுற்றவர்களின் வளர்ச்சி நின்றுபோயிருந்தது. உணவு போதாத இடத்தில் கருவே முந்துகிறது. அந்தச் சிறுமி அடைந்திருக்க வேண்டிய உயரம் வாழ்நாள் முழுவதற்கும் இழப்பாகிறது.

பழைய தோட்டப்புறக் குடும்பங்களில், ஏழெட்டுப் பிள்ளை பெற்ற பாட்டி பேத்தியைவிட மிகக் குட்டையாக இருப்பதைக் காட்டிப் பிள்ளைப்பேறே அவரைக் குறுக்கியது என்று சொல்வது வழக்கம். சிறுவயதில் கிடைத்த உணவும், அடிக்கடி வந்த நோய்களும், முதுமையில் வட்டுகளும் முள்ளெலும்புகளும் தேய்வதும் அந்த வேறுபாட்டுக்குப் பெரும்பாலும் போதுமான காரணங்களாகும். பல பிள்ளைகள் பெற்றவர்களுக்கு முதுமையில் எலும்பு முறிவு கூடுதலாக நேர்வதில்லை என்றே பெரும்பாலான ஆய்வுகள் காட்டுகின்றன.

எலும்பின் சுண்ணாம்புச் சத்து கர்ப்பத்தில் குறைகிறது என்பது மெய்தான். குழந்தையின் எலும்புக் கூட்டுக்குச் சுமார் 30 கிராம் சுண்ணாம்புச் சத்து தேவை. அதன் பெரும்பகுதி கடைசி மூன்று மாதங்களில் தாயிடமிருந்து செல்கிறது. தாயின் குடல் உணவிலிருந்து அந்தச் சத்தை இரு மடங்கு உறிஞ்சத் தொடங்கி இந்தத் தேவையைப் பெரிதும் ஈடுகட்டிவிடுகிறது. தாய்ப்பால் கொடுக்கும் மாதங்களில்தான் எலும்பிலிருந்தே எடுக்க வேண்டியிருக்கிறது. ஆறு மாதத்தில் முதுகெலும்பின் அடர்த்தி நூற்றுக்கு மூன்றிலிருந்து பத்து வரை குறைவதுண்டு. பால் மறந்தபின் ஆறு மாதம் முதல் ஓராண்டுக்குள் அது மீண்டுவிடுகிறது. அடர்த்தி குறைந்தாலும் முள்ளெலும்பின் வடிவம் குலையாத வரை உயரத்தில் மாற்றம் எதுவும் இராது.

வடிவம் குலைவதும் அரிதாக நேர்கிறது. கர்ப்பத்தின் கடைசி மாதங்களிலோ பால் கொடுக்கும் முதல் மாதங்களிலோ சில பெண்களின் முள்ளெலும்புகள், கீழே விழாமலும் அடிபடாமலும், குழந்தையைத் தூக்குவது போன்ற சிறு செயலிலேயே நசுங்கிவிடுகின்றன. நார்டினும் ரோப்பரும் 1955இல் லான்செட் இதழில் எழுதிய பிறகு இது தனி நோயாகக் கவனிக்கப்பட்டது. பல முள்ளெலும்புகள் அடுத்தடுத்து நசுங்கும்போது சில சென்டிமீட்டர் உயரம் உண்மையாகவே போய்விடுகிறது, அது திரும்புவதுமில்லை. முன்பே எலும்பு பலவீனமாக இருந்தவர்களிலும், ஸ்டீராய்டு அல்லது ஹெப்பாரின் மருந்து நெடுநாள் எடுத்தவர்களிலும் இதற்கான வாய்ப்பு கூடுதல். இதைக் கண்டறிவதில் உள்ள தடை, பிள்ளை பெற்றவளுக்கு முதுகுவலி இருப்பது இயல்புதானே என்று வீட்டிலும் வெளியிலும் கடந்துபோவதுதான். பத்தியச் சாப்பாடும் எண்ணெய்த் தேய்ப்பும் ஒத்தடமும் கொடுத்து வாரக்கணக்கில் காத்திருக்கிறார்கள், அதற்குள் இரண்டாவது எலும்பும் மூன்றாவது எலும்பும் நசுங்கிவிடுகின்றன.

இயல்பான குறைவிலிருந்து இதைப் பிரித்தறிய முடியும். இயல்பான குறைவு பெரும்பாலும் ஒன்றரை சென்டிமீட்டர் அளவில் அடங்கும், இரவு படுத்து எழுந்தால் பெருமளவு நீங்கும், பிரசவத்துக்குப் பின் சில வாரங்களில் மறையும். முள்ளெலும்பு நசுங்கியதால் வரும் குறைவு காலையிலும் மாலையிலும் நீங்காமல் நிற்கும்; வலி ஓர் இடத்தில் திடீரெனத் தொடங்கி, நிமிரவும் படுக்கையில் புரளவும் விடாது; அந்த இடத்தைத் தட்டினால் வலி கூடும். எனவே கருவுற்ற தொடக்கத்திலேயே, முடிந்தால் காலையில், வெறுங்காலோடும் அவிழ்த்த கூந்தலோடும் எடுத்த உயரத்தை நேரத்தோடு சேர்த்துப் புத்தகத்தில் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். பிரசவத்துக்குப் பின் கடும் முதுகுவலி வந்தால் அதே முறையில் மீண்டும் அளக்கச் சொல்லுங்கள். இரண்டு சென்டிமீட்டரோ அதற்கு மேலோ குறைந்திருந்தால் அன்றே மருத்துவரிடம் சென்று முதுகெலும்பை எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கும்படி கேளுங்கள். உயரம் குறையாவிட்டாலும் வலி அப்படிப்பட்டதாக இருந்தால் காத்திருக்க வேண்டாம்.